மணி பேசிய ஒன்றரை நிமிடம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சற்று முன்னர் இத்திரையில் மணி என்னும் நாயின் படத்தைக் கண்டு மகிழ்ந்தீர்கள். என் வீட்டுத் திண்ணையில் என் மகன் கைப்பேசியால் பிடித்த படம் அது. நாயே தன் ஒருநாள் வாழ்வைச் சொல்வதாக அதில் வரும் சொற்களை எழுதியவன் அடியேன். அவை எவ்வாறு எழுதப்பட்டன என்று பேசுமாறு செயலாளர் பணித்தார். நானோ பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி, செகந்திராபாத்தில் ரயில்வே சரக்குக் கணக்கு எழுதிக் காலம் கழிப்பவன். ஆகவே இலக்கணம் கூறேன். நான் தவறிய இடங்களையே கூறுகிறேன்.

விலங்கு பேசுவது நமக்குப் புதிதன்று. பாட்டி சொன்ன கதைகளில் நரியும் காக்கையும் நம்மினும் நயமாகப் பேசின. ஆனால் கதையில் வரும் நரியை நாம் கண்ணால் காண்பதில்லை, சொன்னதை நம்பினோம். படத்தில் விலங்கு நம் எதிரே நிற்கிறது. அது செய்வது ஒன்றும் நாம் சொல்வது மற்றொன்றுமானால், சிறு குழந்தையும் கண்டுகொள்ளும்.

இத்துறையில் புகழ்பெற்ற ஒரு படத்தை என் மகன் எனக்குக் காட்டினான். அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரத்தவரான வில் பிரேடன் என்பவர், திரைப்படக் கலை பயின்ற காலத்தில், 2006ஆம் ஆண்டில் ஆன்ரி என்னும் கறுப்பு வெள்ளைப் பூனையை வைத்து ஒரு சிறு படம் எடுத்தார். பூனை வாழ்க்கையில் சலிப்புற்றுப் பிரெஞ்சு மொழியில் புலம்பும். இரண்டாம் படம் 2012இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த பூனைப்பட விழாவில் பரிசு பெற்றது. அப்படத்தில் பூனை வித்தை ஒன்றும் காட்டவில்லை. படுத்திருக்கிறது, சன்னலைப் பார்க்கிறது. பூனைகள் இயல்பாகச் செய்வது அதுதானே! அந்தச் சும்மா இருத்தலின்மீதே சொற்கள் அமர்ந்திருக்கின்றன. அதில் நான் கற்ற பாடம், முதலில் பார்க்க வேண்டும், பிறகே எழுத வேண்டும் என்பது.

ஆகவே எடுத்த படங்களை ஒலியில்லாமல் ஓடவிட்டு, அலுவலகப் பழக்கப்படி ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் கிழித்தேன். ஒன்றில் விநாடி; மற்றொன்றில் மணியின் காது, வால், கால் என்ன செய்தன என்பது. 'மகிழ்ந்தது', 'வருந்தியது' என்று எழுதலாகாது என எனக்கு நானே விதித்துக்கொண்டேன். 'வால் தாழ்ந்தது', 'நாக்கால் மூக்கை நக்கியது' என்று மட்டுமே எழுதினேன்.

காக்கை வந்த காட்சியைக் கூறுகிறேன். அதன் நீளம் பதினோரு விநாடி. நான்காம் விநாடியில் காக்கை மணியின் தட்டிலிருந்து இட்லித் துண்டைக் கவ்வுகிறது. மணி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. காக்கையின் குணநலன்களையெல்லாம் சேர்த்து இருபத்தைந்து சொற்களில் நான் முதலில் எழுதினேன். கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். பதினாறு விநாடி ஆயிற்று. நான் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குமேல் ஓடுவதில்லை. அதற்காகச் சொற்களை அடைத்தும் விடலாகாது. காட்சியில் பாதி நேரமாவது வெறுமையாக இருந்தால்தான் பார்ப்பவர் சிரிக்க இடமுண்டு. மேலும், காக்கை கவ்வுமுன்னே நான் அதைச் சொல்லிவிட்டிருந்தேன். சிரிப்பு அங்கேயே செத்தது. எனவே காக்கை பறந்து, மணி படுத்த பிறகு, ஒன்பதாம் விநாடியில் தொடங்குமாறு திருத்தினேன்:

"இவர்களுடைய முன்னோராம். நமக்கேன் வம்பு?"

தாங்கள் உரக்கச் சிரித்தது இதற்கே. வீட்டார் பேச்சில் காதில் விழுந்ததை நாய் சொல்வதாக வைப்பது, எழுதுவோன் எடுத்துக்கொள்ளும் சிறு உரிமை. ஆனால் அதன் புலன்களுக்கு எட்டாததை அதன் வாயில் வைத்தால் பிழையாகும். பந்துக் காட்சியில் நான் அவ்வாறே பிழைத்தேன். "அதோ என் சிவப்புப் பந்து!" என்று எழுதினேன். படத்திலோ, பசும்புல்லில் கண்முன் கிடக்கும் பந்தை மணி இருமுறை தாண்டிச் செல்கிறது. அதற்குப் பார்வை மங்கிற்றோ என்று அஞ்சிக் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்து, நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் வேறுவேறாகத் தெரியும் என்றும், சிவப்பும் பச்சையும் அவ்வாறு பிரிந்து தெரிவதில்லை என்றும் விளக்கினார். அது தன் மூக்கால்தான் பந்தைத் தேடிற்று. பிறகு எழுதினேன்:

"கண்ணே, நீ ஓய்வெடு. மூக்கே, நீ போ."

உண்மையை அறிந்தபின் நகைச்சுவை தானே வந்தது. நான் புனைய வேண்டியதாயில்லை.

இனி, தாங்கள் காணாத ஒரு காட்சியைப் பற்றிக் கூறவேண்டும். என் செருப்பு ஒன்று கடிபட்டுக் கிடந்தது. நான் அதைக் கையில் தூக்கி, "யார் செய்தது?" என்று அதட்டினேன். மணி காதைப் பின்னுக்கு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தது; உதட்டை நக்கிற்று. என் மகன் அதையும் படமெடுத்தான். நான் "ஐயா, மன்னியுங்கள், பசி வேளை" என்று எழுதினேன். அண்டை வீட்டார் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தனர். இதுவே நம் படத்தின் உச்சம் என்று மகிழ்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு நாய்க்குட்டி என் மற்றொரு செருப்போடு ஓடுவதைக் கண்டோம். அப்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, மணி செய்யவே இல்லையென்றால் அது ஏன் குற்றவாளிபோல் விழித்தது?"

எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரிடமே மீண்டும் சென்றேன். நியூயார்க்கில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டிரா ஹாரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியை அவர் சொன்னார். பதினான்கு நாய்களைக் கொண்டு நடந்த சோதனை அது. தின்னாதே என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே செல்வார். சில வேளை நாய் அதைத் தின்னும். சில வேளை தின்னாது. ஆனால் திரும்பி வரும் உரிமையாளரிடம் உண்மைக்கு மாறாகவும் சொல்லப்படும். தின்ற நாயும் தின்னாத நாயும் வேறுபடவில்லை. அதட்டப்பட்ட நாயே அந்த முகத்தைக் காட்டிற்று. குற்றமற்றிருந்தும் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் மிகுதியாகத் தெரிந்ததாம். நாம் குற்ற உணர்வு என்று படிப்பது, நம் குரலுக்கு அஞ்சிய முகம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'காது பின்னால், கண் வெள்ளை, நாக்கு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சரியாகக் கண்டு, தவறாக எழுதியிருக்கிறேன். சொற்களை மாற்றிப் பார்த்தேன். "ஐயாவின் குரல் உயர்ந்தது. காரணம் தெரியவில்லை. சிறிதாகிவிடுகிறேன்" என்று படித்தபோது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் மனைவி, "இதை எடுத்துவிடுங்கள்" என்றாள். எடுத்துவிட்டோம். பன்னிரண்டு விநாடி குறைந்தது. அண்டை வீட்டாருக்கு இன்றளவும் வருத்தம்தான்.

குரல் யாருடையது என்று சிலர் கேட்டீர்கள். என் குரலே. கீச்சுக் குரலில் படித்தால் நாய் கோமாளியாகிவிடுகிறது. கணக்கைச் சரிபார்ப்பவன்போலப் படித்தேன். மொழியைப் பற்றியும் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. தெருவில் அதனைத் தெலுங்கில் அழைக்கிறார்கள். பால்காரர் உருதுவில் அழைக்கிறார். மணியின் தீர்ப்பைப் படத்திலேயே கேட்டீர்கள்:

"ரா என்றாலும், ஆவோ என்றாலும், வா என்றாலும், போனால் சோறு."

கடைசிக் காட்சியில் மட்டும் இருபது விநாடிக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. மாலையில் மணி உறங்குகிறது. ஐந்தாம் விநாடியில் ஒரு காது எழுகிறது. பத்தாம் விநாடியில் எழுந்து வாயிலுக்குப் போகிறது. தெருமுனையில் என் ஸ்கூட்டரின் ஓசை கைப்பேசியில் பதிவாவது பதினேழாம் விநாடியில்தான். அந்தப் பன்னிரண்டு விநாடி அது கேட்டதை நாம் கேட்கவில்லை. அங்கே நான் என்ன எழுத?

அடுத்த விழாவுக்குப் பூனைப் படம் வேண்டுமென்று குழந்தைகள் கேட்கிறார்கள். நோட்டில் கோடு கிழித்துவிட்டேன். இதுவரை எழுதியிருப்பது, 'உறங்குகிறது' என்பது மட்டுமே.