நல்லாத்தானே இருக்கிறான், இன்னும் எதுக்கு மாத்திரை?

(கினிகத்தேனையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணியினர் மத்தியில் ஆற்றிய உரை)



மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர் இருக்கும் வீடுகளில் நாம் இரண்டு பேச்சுகளைக் கேட்கிறோம். ஒன்று, "இப்ப நல்லாத்தானே இருக்கிறான், இன்னும் எதுக்கு மாத்திரை?" மற்றது, "இந்த மாத்திரையாலதான் இப்படி ஊதிப் போனான்." இந்த இரண்டும் சேரும்போதுதான் மாத்திரை நின்றுபோகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

உடம்பு பருக்கிறது என்பது பொய்யல்ல. இல்லாத குரல் கேட்பது, யாரோ கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று பயப்படுவது போன்ற நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒலான்சபின், குளோசபின் இரண்டும் நிறையை அதிகம் கூட்டுபவை. ரிஸ்பெரிடோன் அந்த அளவுக்குக் கூட்டாது. மருந்து பசியைக் கிளப்பும். வயிறு நிறைந்த உணர்வும் சீக்கிரம் வராது. நாலு ரொட்டி தின்ற பிள்ளை மறுபடியும் தட்டை நீட்டினால் அவனை ஏசாதீர்கள். அது மருந்தின் பசி.

நிறையோடு சீனி வருத்தமும் வரலாம். சிலருக்கு நிறை அவ்வளவாகக் கூடாமலே சீனி ஏறும். ஆளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். 24 வயது இளைஞன், நிறை 54 கிலோ. ஒலான்சபின் தொடங்குகிறார்கள். தொடங்கும் முன்பே நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் கிளினிக் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு 4, 8, 12 ஆவது வாரங்களில் நிறை பார்க்க வேண்டும். 12 ஆவது வாரத்தில் சீனி சோதனை. அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையாவது சோதனை.

12 ஆவது வாரத்தில் அவன் நிறை 59 கிலோ. சீனி 112. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சரி. 126 அல்லது அதற்கு மேல் வந்து, மறு சோதனையிலும் அப்படியே இருந்தால் சீனி வருத்தம். 112 என்பது நடுவில் நிற்கும் எச்சரிக்கை. இந்த இடத்தில் டொக்டர் செய்யக்கூடியவை பல உண்டு: மருந்தின் அளவைப் பார்ப்பது, நிறையைக் குறைவாகக் கூட்டும் வேறு மருந்துக்கு மெல்ல மாற்றுவது, மெட்போர்மின் சேர்ப்பது. வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு ரொட்டியில் ஒன்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டுங்கள்.

வீட்டார் தாமாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

ஏன்? நோய் தணிந்திருப்பது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதால்தான். கூரைத் தகரத்தின் மேல் வைத்த கல்லை, "இப்ப காத்து இல்லையே" என்று யாராவது எடுப்பார்களா? மாத்திரையை நிறுத்திய மறுநாளே எதுவும் நடக்காது. அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. வாரங்கள், மாதங்கள் கழித்துத் தூக்கம் கெடும், ஆள் ஒதுங்குவார், சந்தேகம் திரும்பும். அப்போது மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் நினைவில் இருக்காது. உலகெங்கும் நடந்த 65 ஆய்வுகளைச் சேர்த்து 2012 இல் ஒரு கணக்கு வெளியானது. சுமார் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தோரில் 100க்கு 27 பேர். நிறுத்தியோரில் 64 பேர். மருந்து எல்லோரையும் காப்பாற்றாது. ஆனாலும் வித்தியாசம் பெரிது. எத்தனை காலம் எடுப்பது, எப்போது குறைப்பது என்பதை டொக்டரிடம் கேளுங்கள். குறைப்பதானாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கொழுந்தை நிறுக்காமல் பேர் போட நாம் விடுவதில்லை. கிளினிக் புத்தகத்தையும் அப்படியே பாருங்கள். நிறை எழுதாத பக்கம் இருந்தால், "ஐயா, நிறை பார்க்கவில்லையே" என்று கேளுங்கள். சீனி சோதனைக்குப் போகும் நாளில் முந்திய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது எதுவும் சாப்பிடக்கூடாது. காலைத் தேத்தண்ணியும் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். கிளினிக் நாளில் பேர் விழாது என்று ஒருவர் போகாமல் நின்றால், கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். அதை நிர்வாகத்திடம் பேசுவது சங்கத்தின் வேலை.

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அதோடு வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் சேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மனநலம் பற்றி யோசனை கேட்க 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை.

ஆள் பருத்துப்போனால் கிளினிக்குக்குப் போங்கள். மாத்திரையைக் கீழே வைக்காதீர்கள்.