125 கிலோ துணியும் ஒரு கடிதமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அருள்புரத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2018-ல் என் மேனேஜருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தில், "ஆறு வருடமாக ஒரே வேலை பார்க்கிறேன், பெரிய பொறுப்பும் பயிற்சியும் தாருங்கள்" என்று கேட்டிருந்தேன். படித்துவிட்டு, "இதுல கம்பெனிக்கு என்ன இருக்குது அம்மிணி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதம் ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் துணி போதாமல் கட்டிங் நின்றது. பையர் கேட்டது 160 ஜி.எஸ்.எம்.; அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம் இருக்க வேண்டும். வந்ததோ 170. நாம் துணியைக் கிலோவில் வாங்குகிறோம், பீஸை அளவில் வெட்டுகிறோம். ஒரு பீஸுக்கு 200 கிராம் வீதம் 10,000 பீஸுக்கு 2,000 கிலோ போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். 170-ல் அதற்கே 2,125 கிலோ வேண்டும். கூடுதல் 125 கிலோ. கிலோ 400 ரூபாய் என்றால் 50,000 ரூபாய்.

எடை கூடியதை வட்டமாக வெட்டி நிறுத்துப் பார்த்தால் யாரும் சொல்லிவிடலாம். ஏன் கூடியது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நிட்டிங்கில் லூப் நீளம் குறைந்தாலும் எடை கூடும். காம்பாக்டிங்கில் துணியை அதிகமாக நெருக்கினாலும் கூடும். நூலை உருவி லூப் நீளத்தை அளந்தால் தவறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அது தெரியாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்ட, நாங்கள் நடுவில் நின்றோம்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். முதலில் இந்த 125 கிலோ கணக்கு. பிறகு கோரிக்கை: அடுத்த ஆர்டரில் ஒரே ஒரு ஸ்டைலை நூல் முதல் கட்டிங் வரை நானே பார்க்கிறேன். துணிச் சோதனை கற்றுக்கொள்ளக் கட்டணமும் கோவை போய்வரும் செலவும் சேர்த்து 18,000 ரூபாய். நான் இல்லாத நாட்களில் என் ஆர்டர்களை யார் பார்ப்பார் என்பதை, அந்தத் தோழியிடம் கேட்டு அவர் பெயரோடு எழுதினேன். எந்த முடிவுகளை அவரைக் கேட்காமல் எடுக்க மாட்டேன் என்பதையும் எழுதினேன்.

"கத்துக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டா?" என்றார். நியாயமான பயம்தான். "ஒரு வருசம் இருக்கறனுங்க சார், அதையும் எழுதிக்கறேன்" என்றேன். பாதிப் பணம் முதலில், மீதி அந்த ஸ்டைல் முடிந்த பிறகு என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஸ்டைலில் சோதனை லாட்டே 168 வந்தது. லூப் நீளம் சரியாக இருந்தது. காம்பாக்டிங்கில் நெருக்கத்தைக் குறைக்கச் சொன்னோம். துவைத்தபின் சுருக்கம் கூடிவிடாதா என்பதையும் பார்த்துக்கொண்டோம். மீதித் துணி 161-ல் வந்தது. இரண்டாவது பாதிப் பணமும் வந்தது.