மூன்று கடிதங்களும் ஒரு வரியும்

மருந்தின் பாதக விளைவுகளைக் கண்காணிப்போர், பல இடங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் படித்து, நோயாளி ஒருவருக்கு ஒரு வரி என்று பட்டியலிடுகின்றனர். வயது, மருந்து, தொடங்கிய நாள், விளைவு, அது தோன்றிய நாள், முடிவு ஆகியவை அதன் கட்டங்கள். உரைநடையைக் கட்டங்களுக்குள் அடக்கும் இப்பணியில் மொழியியலார்க்கும் வேலை உண்டு என்பது நம் கருத்து.

விளக்கத்திற்காக ஒரு நிகழ்வை நாமே அமைத்துக்கொள்வோம். மருந்து, வலிப்புக்குத் தரப்படும் கார்பமசெபைன். அரிதாக அது தோலும் வாயும் புண்ணாகி உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்கும். பெரும்பாலும் முதற் சில வாரங்களிலேயே.

மருந்தக மருத்துவர் எழுதுகிறார்: 34 வயதுப் பெண்; மார்ச் 3 முதல் கார்பமசெபைன்; 17 காலையில் காய்ச்சல்; அன்று மாலை அமாக்சிசிலின் கொடுத்தோம்; 19இல் தடிப்பும் வாய்ப்புண்ணும். மருத்துவமனை மருந்தாளுநர் எழுதுகிறார்: 34 வயதுப் பெண், மார்ச் 21இல் சேர்க்கப்பட்டார், ஸ்டீவன்ஸ்-ஜான்சன், அமாக்சிசிலின் உண்டபின் தடிப்பு. மருந்து நிறுவனம் எழுதுகிறது: 35 வயது, கார்பமசெபைன், மார்ச் 21இல் மருத்துவமனையில் அனுமதி, கடும் தோல்நோய்.

மூன்று வரிகளாக எழுதினால் இல்லாத இருவர் பிறந்துவிடுவர். பால், சேர்ந்த நாள், மருந்து ஆகியவற்றை ஒப்பிட்டு, அறிக்கையாளர்களிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே ஒன்றாக்க வேண்டும். வயது ஓராண்டு வேறுபடுவது பிறந்தநாள் கணக்காகவும் இருக்கலாம்.

அடுத்து, தோன்றிய நாள். சேர்ந்த நாளை எடுத்தால் இடைவெளி 18 நாள். முதல் அறிகுறியான காய்ச்சலை எடுத்தால் 14 நாள். அவசரத்தில் பலரும் சேர்ந்த நாளையே எழுதிவிடுகின்றனர், அது கடிதத்தின் தலைப்பிலேயே இருப்பதால்.

'உண்டபின்' என்பது காலத்தைக் குறிக்கும் சொல், காரணத்தைக் குறிப்பதன்று. காய்ச்சல் காலையில், அமாக்சிசிலின் மாலையில். ஆகவே காய்ச்சலுக்கு அது காரணமாகாது. ஆயினும் தடிப்பு அதற்குப் பின்னரே வந்ததால், ஐயத்திற்குரிய மருந்துகளில் அதையும் விட்டுவிடாமல் எழுதுதல் முறை. காரணத்தைத் தீர்மானிப்பது வரி எழுதுபவரின் வேலையன்று.

இறுதியாக ஒரு கட்டம். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணுக்கூறு உடைய ஆசியரிடம் இவ்விளைவு மிகுதி. எனவே, இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினர்க்கு முன்சோதனையைச் சிங்கப்பூர் 2013இல் பரிந்துரைத்தது. நம் மருத்துவரின் கடிதத்தில் 'மரபணு: இல்லை' என்று இருப்பதாகக் கொள்வோம். சோதனை செய்யவில்லையா, செய்து பார்த்ததில் அக்கூறு இல்லையா? தமிழ் 'இல்லை' இரண்டிற்கும் இடந்தரும். ஒன்று, முன்சோதனை தவறியதைக் காட்டும். மற்றொன்று, சோதனை கடந்தவர்க்கும் நோய் வந்ததைக் காட்டும். அவரைத் தொலைபேசியில் கேட்கும்வரை அக்கட்டத்தில் 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும்.