ஸ்விட்ச் போடுற வரைக்கும்: ராத்திரி சீனுக்கு ஸ்கிரிப்ட்டிலேயே லைட் எழுதுவது

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு சீனைப் பத்தி. நண்பர் ஒருத்தர் எழுதின ஷார்ட் ஃபிலிம். ராத்திரி ஒன்றரை மணி, சென்னையில ஒரு வாடகை வீட்டு ஹால். பையன் வேலைக்குப் போயிட்டு லேட்டா வர்றான். அப்பா லைட் போடாம நாற்காலியில உட்கார்ந்திருக்கார். பையனுக்கு அன்னைக்கு மத்தியானமே வேலை போயிடுச்சு. தோள்ல இருக்கிற பையில அவனோட ஆபீஸ் டெஸ்க்ல இருந்த காபி மக், குட்டிச் செடி, போட்டோ எல்லாம் இருக்கு. அதைச் சொல்லாம ரூமுக்குள்ள போயிடணும்னு பார்க்கிறான். கடைசியில அப்பா எழுந்து ட்யூப் லைட் போடுறார். பை வாய் திறந்து கிடக்கு.

இந்தச் சீன்ல லைட்தான் கதை. இருட்டு இருக்கிற வரைக்கும் பையன் தப்பிக்கலாம். ஸ்விட்ச் விழுந்தா முடிஞ்சது. அதனால லைட்டை ஷூட்டிங் அன்னைக்கு யோசிச்சுக்கலாம்னு விட முடியாது. ஸ்கிரிப்ட்லயே எழுதணும்.

முதல் டிராஃப்ட்ல அவர் இப்படி எழுதியிருந்தார்: "ஹாலில் மங்கலான, சோகமான வெளிச்சம்." படிக்க நல்லா இருக்கு, ஆனா இதை வச்சு ஒரு பல்பைக்கூட மாட்ட முடியாது. லைட் குறிப்புன்னா நாலு விஷயத்தைச் சொல்லணும். வெளிச்சம் எந்தப் பொருள்ல இருந்து வருது, அது எங்க இருக்கு, யாரோட எந்தப் பகுதி தெரியணும், யாரோடது தெரியக்கூடாது. இதுக்கு மேல ஐந்தாவது ஒண்ணு: எந்த வசனத்துல அது மாறுது. கோட்ல கமென்ட் எழுதுறப்போ "இது முக்கியம்"னு மட்டும் எழுதினா அடுத்த ஆளுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை, அதே மாதிரிதான்.

சரி, கையில என்ன இருக்கு? சாமி படத்துக்குப் போடுற அரை வாட் சிவப்பு பல்பு ஒண்ணு, அதான் நாம ஜீரோ வாட்னு சொல்றது. ஒன்பது வாட் எல்இடி பல்பு ரெண்டு, ஒண்ணு மஞ்சள், இன்னொண்ணு வெள்ளை. ரெண்டு ஹோல்டர், ரெண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொஞ்சம் பட்டர் பேப்பர், ஒரு கறுப்புப் போர்வை. அப்புறம் பையனோட போன், வீட்டுல ஏற்கனவே இருக்கிற இருபது வாட் எல்இடி ட்யூப். கேமராவுல எஃப் 1.8 வரைக்கும் திறக்கிற சாதாரண ஐம்பது எம்எம் லென்ஸ்.

எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி, "இது பத்துமா?" நிஜத்துல பிரச்சினை தலைகீழ். லென்ஸ் எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/50ன்னு வச்சா, முகத்துல முப்பது லக்ஸ் விழுந்தாலே முகம் பகல் மாதிரி பளிச்சுனு தெரியும். ஒன்பது வாட் பல்பு ஒரு மீட்டர் தூரத்துல சுமார் நூறு லக்ஸ் தரும். அதாவது தேவையைவிட மூணு மடங்கு. ராத்திரி மாதிரி தெரியணும்னா முகத்துல பன்னிரண்டு, பதினைந்து லக்ஸ் போதும். அதனால நம்ம வேலை வெளிச்சத்தைக் கூட்டுறது இல்லை, குறைச்சு சரியான இடத்துல மட்டும் விழ வைக்கிறது.

குறைக்கிறதுக்கு தூரம்தான் ரொம்ப சுலபமான வழி. பல்பை ரெண்டு மடங்கு தூரம் தள்ளினா வெளிச்சம் நாலுல ஒரு பங்காகும். ஒரு மீட்டர்ல நூறு லக்ஸ்னா ரெண்டு மீட்டர்ல இருபத்தைந்து. முன்னாடி ஒரு பட்டர் பேப்பர் தொங்கவிட்டா கிட்டத்தட்ட பாதி. நமக்கு வேண்டிய பன்னிரண்டு வந்துடுச்சு. பேப்பரைப் பல்புல ஒட்டாதீங்க. ஒரு சாண் தள்ளி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்க. எல்இடி பல்போட அடிப்பாகம் சூடாகும், காத்து போக இடம் வேணும்.

சாமி படத்து பல்பு வேற வகை. அது ஃபிரேம்ல தெரியும், ஆனா அப்பா முகத்துக்கு வெளிச்சம் தராது. அரை வாட்ல அவ்வளவுதான் வரும். "வெளிச்சம் அங்கிருந்து வருது"ன்னு பார்க்கிறவங்களை நம்ப வைக்கிறது அதோட வேலை. நிஜமா முகத்துக்கு வெளிச்சம் தர்றது, அதே பக்கத்துல அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்ச மஞ்சள் பல்பு. ஒன்பது வாட் பல்பையே ஃபிரேம்ல வச்சா வெள்ளையா ஒரு ஓட்டை மாதிரி எரியும், கண்ணு அங்கேயே போயிடும். தெரியுற விளக்கு வேற, வேலை செய்யுற விளக்கு வேற. இந்த ஒரு பிரிவினையை ஸ்கிரிப்ட்ல எழுதிட்டா பாதிக் குழப்பம் போயிடும்.

வெள்ளை பல்பு வீட்டுக்கு வெளியே, பால்கனியில. அதுதான் தெருவிளக்கு. ஜன்னல்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி, பேப்பர் எதுவும் இல்லாம. அப்பதான் ஜன்னல் கம்பியோட நிழல் அப்பாவுக்குப் பின்னால இருக்கிற சுவர்ல தெளிவா விழும். பல்பை ஜன்னலுக்கு ஒட்டி வச்சா நிழல் பெருசாகி மங்கிடும்.

இப்ப ஸ்கிரிப்ட்ல அந்தப் பக்கம் எப்படி மாறுச்சுன்னு படிக்கிறேன்.

காட்சி 7. உள்ளே. ஹால். இரவு 1.30.

ஒளி அ: சாமி படத்து சிவப்பு பல்பு (தெரியும்). அலமாரிக்குப் பின் மஞ்சள் பல்பு, அப்பாவுக்கு 2 மீட்டர், பட்டர் பேப்பர் (தெரியாது). அப்பாவின் வலது கன்னம் தெரியும், கண் தெரியாது. சுவரில் ஜன்னல் கம்பி நிழல். வாசல், செருப்பு ஸ்டாண்டு, பை இருட்டு. வெளியே காரிடார் லைட் அணைந்திருக்கிறது.

அப்பா: சாப்டியாடா?
மகன்: ஆச்சுப்பா. ஆபீஸ்லயே.

ஒளி ஆ: மகனின் போன் ஒளிர்கிறது. இப்போதுதான் முதல் முறையாக அவன் முகம் தெரிகிறது. போன் முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவு. அப்பா பார்க்கிறார். மகன் போனைக் கவிழ்க்கிறான். மறுபடி ஒளி அ.

அப்பா: கண்ணெல்லாம் ஏன்டா செவந்திருக்கு?
மகன்: தூக்கம்ப்பா.

ஒளி இ: ட்யூப் லைட். ஹால் முழுவதும் வெள்ளை. நிழல் இல்லை. பை தெரிகிறது.

அவ்வளவுதான். மூணு நிலை, ஒவ்வொண்ணும் ஒரு வசனத்தோட அல்லது ஒரு செயலோட கட்டியிருக்கு. முக்கியமா, "தெரியாது"ன்னு எழுதினதுதான் இயக்குநருக்கு அதிகம் உதவுச்சு. ஷூட்டிங்ல யாராவது "வாசல் ரொம்ப இருட்டா இருக்கே, ஒரு லைட் போடலாமா"ன்னு கேட்டா பதில் பேப்பர்லயே இருக்கு. பை தெரிஞ்சிடுச்சுன்னா கடைசி ஸ்விட்சுக்கு அர்த்தமே இல்லை.

போனுக்கு ஒரு சின்ன விஷயம். நிஜ வாட்ஸ்அப் திரையை நம்பாதீங்க. முழு வெள்ளையா ஒரு படத்தைத் திறந்து வச்சு, ஆட்டோ பிரைட்னஸை அணைச்சிட்டு, பாதி பிரைட்னஸ்ல வைங்க. நாற்பது சென்டிமீட்டர்ல முகத்துக்குத் தேவையான வெளிச்சம் அதுலேயே கிடைக்கும், வேற விளக்கே வேண்டாம்.

நிறத்துக்கு கேமராவோட வொயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாம 4000 கெல்வின்ல நிறுத்துங்க. அப்ப 3000 கெல்வின் மஞ்சள் பல்பு சூடா தெரியும். 6500 கெல்வின் வெள்ளை பல்பும் போனும் லேசா நீலமா தெரியும். அப்பா ஒரு நிறத்துல, பையன் இன்னொரு நிறத்துல. ஆட்டோவுல விட்டா போன் எரியும்போது மொத்த நிறமும் நகர்ந்துடும்.

இதுல என்னென்ன கெடும்? முதல் எதிரி வெள்ளைச் சுவர். வாடகை வீட்டுல எல்லாச் சுவரும் வெள்ளைதான். அப்பா முகத்துல பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவர்ல போய்த் திரும்பி, இருட்டா இருக்க வேண்டிய இடது கன்னத்தை நிரப்பிடும். எப்படித் தெரிஞ்சுக்கறது? அப்பா மூக்கோட நிழலைப் பாருங்க. அது சாம்பலா இருந்தா சுவர் திருப்பி அடிக்குதுன்னு அர்த்தம். கேமராவுல தெரியாத பக்கச் சுவர்ல அந்தக் கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்க. உடனே நிழல் ஆழமாகும்.

ரெண்டாவது, ஃபிளிக்கர். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். 24 ஃபிரேம், 1/48 ஷட்டர்னு வச்சா படத்துல பட்டை மெதுவா ஊர்ந்து போகும். 25 ஃபிரேம், 1/50 வச்சா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியா ரெண்டு துடிப்பு விழும், பட்டை நின்னுடும். கடையில வாங்கும்போதே போன்ல ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்க. துடிக்காத பல்பை எடுத்துக்கோங்க. வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டன் உள்ள யுஎஸ்பி விளக்குல இது வேற மாதிரி வரும். நிறைய விளக்குகள் வேகமா அணைஞ்சு எரிஞ்சுதான் வெளிச்சத்தைக் குறைக்கும். அதை முழுசா எரியவிட்டு, தூரத்தாலயும் பேப்பராலயும் குறைங்க.

மூணாவது, ஃபோகஸ். எஃப் 2ல ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கிற முகத்துல ஷார்ப்பா இருக்கிற ஆழம் ஒரு சாண்கூட வராது. அப்பா முன்னாடி சாஞ்சா அவுட். அதனால ஒளி அ முழுக்க அவர் நாற்காலியில சாஞ்சே இருப்பார்னு ஸ்கிரிப்ட்லயே எழுதிட்டோம். அது கதைக்கும் பொருந்துச்சு. அவர் அசையாம இருந்து, முதல் தடவையா எழுந்திருக்கிறதே ஸ்விட்ச் போடத்தான்.

கடைசியா அந்த ட்யூப் லைட். அதே செட்டிங்ல ட்யூப் எரிஞ்சா வெளிச்சம் தேவையைவிட மூணு நாலு மடங்கு. படம் வெளுத்துடும். ஒரே ஷாட்ல ஐஎஸ்ஓ மாத்தினா மாத்துறது தெரியும். அதனால நாங்க வெட்டை ஸ்கிரிப்ட்லயே எழுதினோம்: இருட்டுல அப்பாவோட கை ஸ்விட்ச்ல, "டக்"னு சத்தம், உடனே கட். அடுத்த ஷாட் ஐஎஸ்ஓ 400. போர்வையைக் கழட்டிடணும், ஏன்னா இப்ப வெள்ளைச் சுவர் நம்ம பக்கம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமா பரவி, பையன் முகம், அப்பா முகம், பை எல்லாம் ஒரே அளவுல தெரியணும். அந்த ஷாட்ல எதுக்கும் நிழல் கிடையாது, பையனுக்கு ஒளிஞ்சுக்க இடமும் கிடையாது. கேமரா பை மேல நிக்குது. மக்ல கம்பெனி லோகோ பாதி தெரியுது. யாரும் பேசலை.

உங்க ஸ்கிரிப்ட்ல ராத்திரி சீன் இருந்தா, அதோட முதல் வசனத்துக்கு மேல "ஒளி அ"ன்னு எழுதி, யார் தெரியக்கூடாதுங்கிறதுல இருந்து ஆரம்பிங்க. எழுதினதை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ரெண்டு மூணு பக்கத்தை எடுத்து படிக்கலாம்.