ரெஃபரல் சொல்லும் முதல் இரண்டு வரி

விண்ணப்ப மின்னஞ்சலில் ஊழியர் ஒருவரின் பெயர் வரும் வரிக்கு ஒரே வேலைதான்: இந்த விண்ணப்பம் எந்த வழியாக வந்தது என்று ஆள்சேர்ப்பு அதிகாரிக்குச் சொல்வது. அந்த வரி எதையாவது கேட்கத் தொடங்கினால் ரெஃபரல், சிபாரிசாகிவிடும். ‘சொல்லி வைத்திருக்கிறது’ என்ற பேச்சுக்கு, இடம் முன்பே பிடித்தாயிற்று என்றுதான் நம் ஊரில் பொருள். அந்தத் தொனி மின்னஞ்சலில் நுழைந்தால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

வண்டலூர் சாலை பழைய மாமல்லபுரம் சாலையைத் தொடும் கேளம்பாக்கத்தில் ரெஃபரலுக்குப் பஞ்சமில்லை. வடக்கே சற்றுத் தூரத்தில் சிறுசேரி சிப்காட் பூங்கா; சுற்றிலும் அங்கே வேலை செய்பவர்கள் தங்கும் பி.ஜி. விடுதிகள். நெருங்கிய நண்பனைவிட, பக்கத்து அறைக்காரரோ எப்போதாவது பேசும் சீனியரோதான் காலியிடம் பற்றிச் சொல்வார். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே காட்டியது. பாஸ்டனை அடுத்த நியூட்டனில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்த அறிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறத்தாழ 17 சதவீதமே. ஆகவே பழக்கம் மேலோட்டமானது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை நெருக்கம்போல் எழுதுவதில்தான் சிக்கல்.

இன்று பட்டம் பெறுவோரில் பலர் எழுதக்கூடிய வரி ஒன்று: “உங்கள் நிறுவனத்தில் பணியாற்றும் இன்னார் சார் என்னைப் பரிந்துரைத்துள்ளார். எனவே என் விண்ணப்பத்தைப் பரிசீலித்து நேர்காணல் தேதியைத் தெரிவிக்கவும்.” மரியாதைக்குக் குறைவில்லை, கெடுப்பது ‘எனவே’. பரிந்துரை காரணமாகவும் நேர்காணல் அதன் விளைவாகவும் நின்றுவிடுகின்றன. இதையே ஆங்கிலத்தில் எழுதி, நம் அலுவலகக் கடிதங்களின் செல்லப்பிள்ளையான ‘டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தால் வேண்டுகோள் உத்தரவாகவே ஒலிக்கும். இன்னொரு குறை: இன்னார் எந்தக் குழு, விண்ணப்பதாரரை எப்படித் தெரியும், உண்மையில் என்ன செய்தார் என்பது எதுவும் இதில் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: “சிறுசேரி அலுவலகத்தில் பேமென்ட்ஸ் குழுவில் உள்ள இன்னார் இந்த டெஸ்ட் இன்ஜினியர் இடம் பற்றி எனக்குச் சொன்னார், கல்லூரியில் இரண்டாண்டு சீனியரான அவர், என் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைப் பார்த்திருக்கிறார். 4ஆம் தேதி ரெஃபரல் போர்ட்டலில் என் விவரத்தைப் பதிந்துள்ளார். அந்த ப்ராஜெக்ட்டில் கல்லூரிப் பேருந்துச் செயலிக்கு 140 டெஸ்ட் கேஸ்கள் எழுதினேன்.” பெயர், குழு, பழக்கம், செய்த காரியம் எல்லாம் வந்துவிட்டன. உடனே பேச்சு விண்ணப்பதாரரின் வேலைக்குத் திரும்புகிறது. சீனியரின் பெயர் மறுபடி வருவதில்லை. சீனியர் ப்ராஜெக்ட்டைப் பார்த்திராவிட்டால் அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும்; விடுதியில் மட்டுமே பழக்கம் என்றால், “விடுதியில் அறிமுகமானவர்” என்றே எழுத வேண்டும். அதிகாரி அவரை அழைத்து “இவரைத் தெரியுமா?” என்று கேட்கும்போது, மின்னஞ்சல் சொல்வதும் அவர் சொல்வதும் ஒத்திருக்க வேண்டுமே. ‘உறுதியளித்தார்’, ‘நேரடியாக அனுப்பச் சொன்னார்’ போன்ற சொற்கள் இந்த இடத்தில்தான் காலை வாரும். மற்றவரின் வாக்குறுதியை அவரைக் கேட்காமலே வெளியே வைக்கின்றன. பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் சீனியர்.

அதனால் பெயரைப் போடுமுன் அனுமதி கேட்பது வழக்கம். வெறும் “உங்கள் பெயரைப் போடட்டுமா?” போதாது. எழுதிய இரண்டு வரியையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, “இப்படிப் போடலாமா அண்ணா?” என்று கேட்டால் அவரே ஒரு சொல்லைத் திருத்துவார், பெரும்பாலும் நெருக்கத்தைக் குறைக்கும் திருத்தமாக இருக்கும்.

வரிசையும் முக்கியம். பல நிறுவனங்களில் முதலில் பதிவாகும் வழியே கணக்கு. விண்ணப்பதாரர் தாமே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டால், பிறகு ஊழியர் போர்ட்டலில் பதியும்போது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கப்படலாம். ஊழியருக்குரிய ரெஃபரல் போனஸும் போகலாம். பதிவு ஆன பிறகே மின்னஞ்சல் போக வேண்டும். போர்ட்டல் எண் தந்தால் அதையும் வேலை எண்ணையும் சப்ஜெக்ட் வரியில் போட்டுவிடலாம். பெயர் அங்கே வேண்டாம். கைபேசியின் இன்பாக்ஸில் சப்ஜெக்ட்டும் அதையடுத்த சில சொற்களுமே தெரியும். ‘இன்னாரின் ரெஃபரல்’ என்பதே முதலில் கண்ணில் பட்டால், என்ன வேலைக்கு என்பது மறைந்துபோகும்.

புதிதாகப் பட்டம் பெற்றவர்களை மொத்தமாக எடுக்கும் ஆன்லைன் தேர்வுகளில் இந்த வரிக்குப் பெரிதாக வேலையில்லை. அங்கே மதிப்பெண் வரம்பும் பதிவு எண்ணும்தான் பேசும். ஒன்றிரண்டு காலியிடங்களுக்கு ஒரு குழு நேரடியாக ஆள் தேடும்போதுதான் யாராவது மின்னஞ்சலைத் திறந்து படிப்பார்கள். அப்போதும் ரெஃபரல் விண்ணப்பத்தைத் திறக்க வைக்கும். தேர்வு மேசைவரை கூடவே வராது. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் நினைவூட்டல் அதிகாரிக்குத்தான் போக வேண்டும், பெயர் தந்தவருக்கு அல்ல. அந்த நினைவூட்டலில் அவர் பெயர் தேவையில்லை. வேலை எண் இருந்தால் போதும்.