யாத்திரைக் கட்டணம் கணக்கிடும் முறை



வந்தவாசியிலிருந்து சிரவணபெளகொளா, மூடபித்ரி, கார்க்களா, வேணூர் சென்று திரும்பும் ஐந்து நாள் யாத்திரையை எடுத்துக்கொள்வோம். இரவு உண்ணா நோன்புடையோர் செல்லும் பேருந்து, கதிரவன் மறையுமுன் உணவுக்கு நின்றாக வேண்டும். ஆகவே பிறர் நான்கு நாளில் முடிக்கும் வழிக்கு நாம் ஐந்து நாள் வகுக்கிறோம். சமையலரும் உடன் வருகின்றனர். நான் கூறும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

செலவு இருவகைப்படும். ஆள் குறைந்தாலும் குறையாதது ஒன்று. தலைக்குத் தலை கூடுவது மற்றொன்று. பேருந்து வாடகை முதல் வகை. நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் என்று உரிமையாளர் குறைந்தபட்சம் விதித்தால், குறைவாக ஓடினும் ஐந்து நாளைக்கு 1,500 கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும். கிலோமீட்டருக்கு 60 ரூபாய் எனில் 90,000 ரூபாய். சுங்கம், அயல்மாநில அனுமதி, ஓட்டுநர் படி 22,000, வழிகாட்டிக்கு 10,000, சமையற்கூலி 17,000. ஓட்டுநர் இருவர், சமையலர் இருவர், உதவியாளர், வழிகாட்டி, அமைப்பாளர் ஆகிய எழுவரும் உண்டு உறங்க 21,000. பலர் விட்டுவிடும் இனம் இதுவே. ஆக மொத்தம் 1,60,000 ரூபாய்.

யாத்திரிகர் ஒருவருக்கு நான்கு இரவுத் தங்கலுக்கு 1,500, உணவுக்கு 1,500, ஆக 3,000 ரூபாய்.

பேருந்தில் 45 இருக்கைகள். ஓட்டுநர் நீங்கலாக நம் பணியாளர் ஐவர் அமர்ந்தபின் எஞ்சுவன 40. மொத்தத்தை நாற்பதால் வகுத்துத் தலைக்கு 7,000 என அறிவித்தால் எவ்வளவோ மலிவாகத் தோன்றும். ஆனால் இறுதியில் 32 பேரே வந்தால் 32,000 ரூபாய் குறையும். அது அமைப்பாளர் தலையிலோ அறக்கட்டளை மீதோ விழும். எனவே நிச்சயம் வருவோர் எண்ணிக்கையால் வகுப்பதே முறை. முப்பத்திரண்டால் வகுத்தால் 5,000. அதனுடன் 3,000 சேர 8,000. அதன்மேல் பத்து விழுக்காடு அமைப்பாளர் ஊதியம் 800. கட்டணம் 8,800 ரூபாய்.

இக்கட்டணத்தில் 28 பேர் வந்தாலே செலவு ஈடாகிவிடும். முன்பணம் செலுத்தியோர் அவ்வெண்ணிக்கையை எட்டாவிடின், பேருந்தை உறுதிசெய்யுமுன்பே சிறிய வண்டிக்கு மாறுவதோ நாளைத் தள்ளுவதோ நலம்.

நாற்பது இருக்கையும் நிறைந்தால் 72,000 ரூபாய் மிஞ்சும். அதில் தலைக்கு 800 வீதம் 32,000 அமைப்பாளருக்கு உரியது. எஞ்சிய 40,000 யாருடையது? வெறும் இருக்கைக்கு ஈடாக யாத்திரிகர் முன்கூட்டியே செலுத்தியது அது. தலைக்கு 1,000 ரூபாய் திருப்பித் தருவதே நேர்மை. இந்த விதியைக் கட்டண அறிவிப்பிலேயே அச்சிட்டுவிட்டால், 8,800 என்பது ஏன் என்று எவரும் ஐயுறார்.