சுவர் காலண்டரில் எழுதியதைப் போனில் ஏற்றுவோம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குது. குழுக் கூட்டம், தவணை, ஊசி எல்லாம் அதில்தான் எழுதி வைக்கிறோம். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து அலமாரித் தட்டில் விரிக்கிறோம். போன வருஷம் ஒரு அக்கா, மாமியாரின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி காட்ட வேண்டிய தேதியைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தார். அது அடுத்த மாதத் தேதி. தாளோடு தேதியும் போச்சு. இரண்டு வாரம் கழித்து, தட்டைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

இப்போது பலரிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதில் கூகுள் காலண்டரில் ஏற்றிவிட்டால் தேதி தொலையாது, முன்கூட்டியே மணியும் அடிக்கும். ஆனால் சுவரில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். நாங்கள் ஒரு வீட்டில் உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறோம்.

அது 2026 ஜூன் மாதத் தாள். முதலில் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டோம். மூன்று கட்டத்தில் எழுத்து இருந்தது. 9-ல் "குழு 7", 10-ல் "1850", 17-ல் "ஊசி". எழுதியவருக்குப் புரியும், போனுக்குப் புரியாது. அதனால் எழுதிய அக்காவையே கேட்டு, என்ன வேலை, யாருக்கு, எத்தனை மணி, ஒரு தடவையா மாதாமாதமா என்று நோட்டில் விரித்து எழுதினோம்.

"குழு 7" என்றால் சாயங்காலம் ஏழு மணி. பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த பிறகுதான் கூட்டம். போனில் 7 PM என்று வைக்க வேண்டும், AM என்றால் காலையில் மணி அடித்துவிடும். இந்தக் கூட்டம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய். போனில் + அழுத்தி Event எடுத்து, பெயர், தேதி, நேரம் போட்டோம். Does not repeat என்று இருப்பதைத் தொட்டு, Custom போய், மாதம் என்பதை எடுத்து, இரண்டாவது செவ்வாய் (second Tuesday) என்பதைத் தேர்ந்தெடுத்தோம். 9-ம் தேதி என்று வைத்திருந்தால் ஜூலையில் அது வியாழக்கிழமை. உண்மையான கூட்டம் ஜூலை 14, செவ்வாய்.

"1850" என்பது கடன் தவணை. இது கிழமை பார்க்காது, எல்லா மாதமும் 10-ம் தேதி. எனவே All day வைத்து, மாதாமாதம் 10 என்று வைத்தோம். மொத்தம் 24 தவணை, ஜனவரியில் ஆரம்பித்தது. ஐந்து கட்டியாச்சு, ஜூனையும் சேர்த்து 19 பாக்கி. Custom-ல் Ends என்ற இடத்தில் 19 தடவை என்று போட்டோம். அது 2027 டிசம்பரில் தானாக நின்றுவிடும். நினைவூட்டலை ஒரு வாரம் முன்னால் வைத்தோம். ஏன்? சம்பளம் சனிக்கிழமை. ஒரு வாரம் முன்னால் மணி அடித்தால், 10-ம் தேதிக்குள் எப்படியும் ஒரு சனிக்கிழமை வந்துவிடும். அந்தச் சம்பளத்திலேயே தவணையை எடுத்து வைக்கலாம். அதே நாளில் மணி அடித்தால் கையில் காசு இருக்காது.

"ஊசி" குழந்தைக்கு ஆறு வாரத்தில் போடுவது. அடுத்தது பத்தாவது வாரம், அதாவது நாலு வாரம் கழித்து ஜூலை 15. அதற்காகத் திரும்பத் திரும்ப வரும்படி வைக்கக் கூடாது. காய்ச்சல் வந்து ஒரு ஊசி தள்ளிப்போனால் அடுத்ததும் தள்ளிப்போகும். நர்ஸம்மா அட்டையில் எழுதித் தரும் தேதியை ஒவ்வொரு தடவையும் தனியாக ஏற்றுங்கள். அமாவாசையும் அப்படித்தான். ஒரே தேதியில் வராது, அந்தந்த மாதம் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

தாளின் ஓரத்தையும் பார்த்தோம். "3 ஜூலை ரேஷன் கார்டு" என்று பென்சிலில் இருந்தது. கட்டத்துக்குள் இல்லாததால் இதுதான் முதலில் தொலையும். அதையும் ஏற்றினோம்.

கடைசியில் சரிபார்த்தோம். தாளில் கட்டத்தில் மூன்று, ஓரத்தில் ஒன்று, ஆக நாலு. போனிலும் நாலும் இருக்கிறதா? பிறகு ஜூலைக்குத் திருப்பினோம். கூட்டம் 14-ம் தேதி செவ்வாயில், தவணை 10-ல், ரேஷன் வேலை 3-ல், ஏற்றிய ஊசி 15-ல் நின்றால் சரி. ஜூலையில் கூட்டம் 9-ல் நின்றால் மாற்றி வைத்தோம் என்று அர்த்தம்.

ஏற்றும்போது ஜிமெயில் கணக்கின் பெயர் மேலே தெரிகிறதா பாருங்கள். அந்தக் கணக்கில் ஏற்றியிருந்தால், போன் தொலைந்தாலும் வேறு போனில் அதே கணக்கைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டை நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

சுவர் காலண்டரைக் கழற்ற வேண்டாம். போனை நீங்கள் வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் கண்ணில் படும். தாளைக் கிழிப்பதற்கு முன்னால் மட்டும், ஓரத்தை ஒரு தடவை பாருங்கள்.